வீணைக்குத் தரையா, திண்டா, நாற்காலியா? வலி இருக்கும் இடம் சொல்லும் பதில்

புரட்டாசி பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் வீணை வாசிப்பவர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "நவராத்திரிக்குக் கொலு முன்னாடி வாசிக்கணும், உட்கார முடியலை. நாற்காலிக்கு மாறிடலாமா?" இசைக்கலைஞர்களின் உடல்நலம் பற்றிய பாடத்தில் நான் எடுக்கும் வகுப்பிலும் மாணவர்கள் இதையேதான் கேட்கிறார்கள். பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பதிலுக்குப் போகும் வழி மாறாது என்பதால் அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

வீணையை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். வயலினுக்கும் தவிலுக்கும் பாரம் விழும் இடமே வேறு. அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது வலி எங்கே என்பதை. "வாசித்தால் வலிக்கிறது" என்பது போதாது. இடுப்பா, முழங்காலா, இடது மணிக்கட்டா, இடது தோளா, கழுத்தா என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். உட்காரும் முறையை மாற்றினால் இடுப்பும் காலும் நேரடியாகப் பயன் பெறும். மணிக்கட்டுக்கு அப்படிக் கிடைக்காது, சில நேரம் நிலைமை மோசமாகவும் ஆகும்.

இரண்டாவது, வாசிக்கும் நேரம் சமீபத்தில் ஏறியதா என்பது. வாசிப்பால் வரும் வலிகளில் பெரும்பங்கு, பழகிய அளவைவிடத் திடீரென்று கூடிய உழைப்பினால் வருவது. அமெரிக்க, ஐரோப்பிய இசைக்குழுக்களில்தான் இது அதிகம் ஆராயப்பட்டிருக்கிறது. 1988-ல் வெளிவந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், பதில் சொன்ன 2,212 இசைக்குழுக் கலைஞர்களில் 76 சதவீதம் பேர் வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான ஒரு உபாதையாவது தங்களுக்கு இருப்பதாகச் சொன்னார்கள். அந்த எண்ணை வீணைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் காரணம் ஒன்றுதான்: ஒரே அசைவு, ஒரே நிலை, நீண்ட நேரம், போதாத இடைவெளி.

மூன்றாவது, கருவி எவ்வளவு அழுத்தம் கேட்கிறது என்பது. இதை யாரும் கேட்பதே இல்லை. மெட்டுகளை மெழுகில் பதித்து மேளம் கட்டி வருஷக்கணக்கானால், மெட்டுக்கு அடியில் உள்ள அந்த மெழுகு நம் ஊர் கோடைக்கு இளகி, மெட்டு ஒரு இழை நகர்ந்துவிடும். தந்தி பட்டுப் பட்டு மெட்டில் பள்ளமும் விழும். சுரம் சுத்தமாக விழாதபோது விரல் தன்னால் கூடுதலாக அழுத்தும். அழுத்துவது விரல் என்றாலும் அந்தப் பாரத்தைச் சுமப்பது முன்கைத் தசை.

இவற்றுக்குப் பிறகுதான் செலவு, மேடையில் எப்படித் தெரியும், குரு என்ன சொல்வார் என்பதெல்லாம். கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நாற்காலியை வாங்கிவிட்டு, குருவுக்குப் பயந்து அதை வீட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, கச்சேரியில் தரையில் உட்கார்ந்து வலியை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## வெறும் தரை, ஒரு பாய்

சம்மணம் போட்டு, சுரைக்காயை இடது தொடையில் வைத்து, குடத்தை வலப்பக்கம் தரையில் விட்டு வாசிப்பது எல்லோரும் அறிந்தது. இடது கை, வீணையின் நீண்ட கழுத்தான தண்டிக்கு அடியில் போய் வளைந்து மேலே வந்து மெட்டில் விரல் வைக்கும். வலது உள்ளங்கை பலகையின் ஓரத்தில் ஊன்றும். வீணை மூன்று இடத்தில் தாங்கப்படுவதால் இடது கட்டைவிரல் எதையும் தூக்க வேண்டியதில்லை. இந்த முறையின் பெரிய பலமே இதுதான். கமகத்துக்குத் தந்தியை இழுக்கும்போதும் கருவி அசையாது.

குறை இடுப்பில் இருக்கிறது. இடுப்பு மூட்டு நன்றாக விரியாதவர் சம்மணம் போட்டால் முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கும். உடனே இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கீழ்முதுகு கூன் விழும். கீழ்முதுகு வளைந்தால் தலை முன்னால் வரும். தலை முன்னால் வந்தால் மெட்டைப் பார்க்கக் கழுத்து இன்னும் குனியும். ஆத்தங்குடித் தளம் குளிர்ச்சிதான், கண்ணுக்கும் அழகுதான், ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடியெலும்புக்கு அது இரக்கம் காட்டாது. கால் மரத்துப்போவதை எல்லோரும் சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். எழுந்து சில நிமிடங்களில் சரியானால் சிரிக்கலாம். பாதத்தைத் தூக்கும்போது பலம் குறைவாகத் தெரிந்தால், முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்தியிருக்கிறது. அப்படியானவருக்கு இந்த முறை ஆகாது.

சம்மணத்தில் முழங்கால் இடுப்புக்குக் கீழே தங்குபவர், இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கும் பழக்கம் உள்ளவர், முக்கியமாகக் கைவலி மட்டும் உள்ளவர், இவர்களுக்குத் தரையே நல்லது. கைவலிக்காகத் தரையை விட்டு எழுந்தால் லாபம் ஒன்றுமில்லை.

## தரைதான், ஆனால் அடியில் திண்டு

என்னைக் கேட்டால் இடுப்புவலிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நான்கு விரல்கடை உயரம், அதாவது ஏழெட்டு சென்டிமீட்டர், உட்காரும் எலும்புக்கு அடியில் மட்டும் வர வேண்டும். தொடைக்கு அடியில் வரக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளில் மணைக்குப் பஞ்சமில்லை. ஒரு மணை, அதன் மேல் நான்காக மடித்த ஜமுக்காளம், அவ்வளவே போதும். முழங்கால் கீழே இறங்கும், இடுப்பெலும்பு நிமிரும். முதுகை நிமிர்த்த யாரும் அதட்ட வேண்டியதில்லை.

பஞ்சு மெத்தை வேண்டாம். பத்து நிமிடத்தில் அமுங்கிவிடும், அமுங்கும்போது ஒரு பக்கம் கூடுதலாக அமுங்கும்.

மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. திண்டு வாங்கியும் வலி போகவில்லை என்று வருபவர்களில் அநேகரிடம் நான் காண்பது இதைத்தான். உடல் எட்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது, குடம் தரையிலேயே இருக்கிறது. வலது கை இப்போது பழைய இடத்தைவிடக் கீழே போய் மீட்ட வேண்டும். அதற்காக முழு உடலும் வலப்பக்கம் சாய்கிறது. இடது தொடை சரிந்திருப்பதால் சுரைக்காய் முழங்காலை நோக்கி வழுக்குகிறது. அதை நிறுத்த இடது கட்டைவிரல் தண்டியைப் பிடிக்கிறது. இடுப்புவலி குறைந்து, வலப்பக்க முதுகிலும் கட்டைவிரல் அடியிலும் புதிய வலி தொடங்குகிறது.

தீர்வு எளிது. ஆள் எவ்வளவு ஏறினாரோ குடமும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏற வேண்டும். குடத்துக்கு அடியில் இன்னொரு பலகை, அதன் மேல் வழுக்காத துணி. சுரைக்காய்க்கும் தொடைக்கும் நடுவில் மடித்த துண்டு. குடம் தரையை விட்டு எழுந்தால் நாதம் மாறுகிறது என்று சிலர் சொல்வார்கள். வெறும் கூடத்தில் வாசித்தால் காது கூர்மையானவருக்குத் தெரியலாம். மைக் வைத்த மேடையில் அது ஒரு பிரச்சினையே இல்லை.

## நாற்காலியும் தாங்கியும்

முழங்கால் தேய்ந்தவர், இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்று அறுவை செய்தவர், தரையிலிருந்து எழவே ஆள் துணை வேண்டியவர், இவர்களுக்கு யோசனையே வேண்டாம், நாற்காலிதான். கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி உள்ளவரும் இதை முயன்று பார்க்கலாம். உட்கார்ந்தாலே கூடும் வலி என்றால் நாற்காலியிலும் கூடலாம் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைக்கும் பழைய தேக்கு நாற்காலி கண்ணைப் பறிக்கும். அதை வீணைக்கு வாங்காதீர்கள். கைப்பிடி இடது முழங்கையை இடிக்கும், இருக்கை ஆழமாக இருப்பதால் முதுகு பின்னால் சரியும். கைப்பிடி இல்லாத, இருக்கை சமமான, பாதம் முழுவதும் தரையில் பதிகிற சாதாரண நாற்காலியே போதும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் தாங்கியில் இருக்கிறது. குடத்துக்கு ஒன்று, சுரைக்காய்க்கு ஒன்று என்று இரண்டு இடத்தில் தாங்க வேண்டும், இரண்டும் ஆட்டம் காணக் கூடாது. தாங்கி உயரமானால் தோள் காதை நோக்கி ஏறும். அரை மணி நேரத்தில் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் கயிறு போல ஒரு தசை இறுகியிருக்கும். உயரம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மட்டும் மடக்கிக் கையை முன்னால் நீட்டுங்கள். தந்திகள் அந்த முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் தாங்கியை இறக்குங்கள்.

தொடை கொடுத்த பிடிமானம் இப்போது இல்லை என்பது இன்னொரு விலை. காந்தாரத்தையோ நிஷாதத்தையோ இழுத்துப் பிடிக்கும்போது வீணை தாங்கியின் மேல் ஒரு நூல் நகர்ந்தாலும், அடுத்த முறை கட்டைவிரல் முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். வாசிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பார்ப்பவர் கட்டைவிரல் நகத்தைக் கவனித்தால் தெரியும்: அழுத்தத்தில் நகம் வெளுத்திருக்கும். தாங்கியின் மேல் ரப்பர் விரிப்பு ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கை பழைய தூரங்களை மறந்து புதியதைப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது நாற்காலிக்கு மாறுவதைப் போல ஒரு தவறு வேறில்லை.

## செங்குத்து

காரைக்குடி என்றதும் யாராவது இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைத் தோளோடு நிமிர்த்தி வைத்து வாசித்தார். தம்பி சாம்பசிவ ஐயர், 1952-ல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர், படுக்கை வசத்தில் வாசித்தார். ஒரே வீடு, ஒரே பாணி, இரண்டு நிலை. வீணைக்குச் சரியான நிலை ஒன்றே ஒன்றுதான் என்று சாதிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனால் வலிக்கு மருந்தாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பாரம் தொடையிலிருந்து இடது தோளுக்கு மாறுகிறது. இடது கை நீண்ட நேரம் உயரத்தில் நிற்க வேண்டும். சிறு வயதிலிருந்து பழகியவருக்கு அது அவர் நிலை. நடுவயதில் மணிக்கட்டு வலிக்காக மாறுபவர் தோள்வலியையும் சேர்த்துக்கொள்வார்.

## ஒரு பார்வையில்

| | வெறும் தரை | திண்டு | நாற்காலி | செங்குத்து |
|---|---|---|---|---|
| இடுப்பு, கீழ்முதுகு | சம்மணம் எளிதாக வந்தால் மட்டும் | நல்லது | நல்லது | திண்டு உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது |
| முழங்கால் | கடினம் | ஓரளவு | மிக நல்லது | தரையில் என்றால் கடினம் |
| இடது மணிக்கட்டு | மாற்றமில்லை | மாற்றமில்லை. சுரைக்காய் வழுக்கினால் மோசம் | தாங்கி ஆடினால் மோசம் | மாறும், ஆனால் தோளுக்குப் பாரம் |
| தோள், கழுத்து | கூன் விழுந்தால் பாதிப்பு | நல்லது | உயரம் தவறினால் பாதிப்பு | பாரம் அதிகம் |
| பழகும் காலம் | இல்லை | சில நாள் | சில வாரம் | மிக நீளம் |
| செலவு | இல்லை | வீட்டில் உள்ளதே போதும் | நாற்காலி, இரண்டு தாங்கி | புதிதாகக் கற்க வேண்டும் |

மணிக்கட்டு வரிசையைப் பாருங்கள். எந்த நிலையும் அதற்குத் தெளிவான வெற்றி தரவில்லை. கீழே வரும் ஆச்சியின் கதை அந்த வரிசையைப் பற்றியதுதான்.

## ஓர் ஆச்சியின் கணக்கு

ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆச்சி. மாலையில் பட்டாலையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அரை மணி நேரம் உட்கார்ந்தால் கீழ்முதுகு வலி. இடது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மரப்பு. மகன் வெளியூரிலிருந்து நாற்காலியும் தாங்கியும் அனுப்பத் தயாராக இருந்தார். "வாங்கச் சொல்லட்டுமா, தம்பி?" என்பதுதான் ஆச்சியின் கேள்வி.

விரல் மரப்பை முதலில் பிரித்துப் பார்த்தோம். வீணைக்காரரின் இடது ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளில் தந்தி ஓடி ஓடிக் காய்ப்பு ஏறியிருக்கும், சிலருக்குத் தந்தியின் தடமே பள்ளமாகத் தெரியும். அந்த இடத்தில் தொடு உணர்வு மந்தமாக இருப்பது இயல்பு. நரம்புக் கோளாறு என்று பயப்படுபவர்களில் சிலருக்கு இருப்பது காய்ப்பு மட்டும்தான். ஆகவே தந்தி படாத இடத்தைக் கேட்க வேண்டும். மணிக்கட்டின் நடுவில் போகும் நரம்பு கட்டைவிரலுக்கும் உணர்வு தருகிறது, கட்டைவிரலோ தந்தியைத் தொடுவதில்லை. ஆச்சிக்குக் கட்டைவிரலிலும் ஊசி குத்துவது போலிருந்தது. இரவில் எழுந்து கையை உதறிக்கொள்கிறார். சுண்டுவிரலில் ஒன்றுமில்லை. மணிக்கட்டை முழுவதும் மடக்கி ஒரு நிமிடம் வைத்தபோது நிமிடம் முடியுமுன்பே மரப்பு வந்தது. காய்ப்பு இல்லை, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க இது போதும். கட்டைவிரல் அடிச்சதை வற்றவில்லை, பிடிமானமும் குறையவில்லை. அதனால் அவசரம் இல்லை.

அடுத்து நேரம். வழக்கமாக ஆச்சி தனக்கென்று முக்கால் மணி நேரம்தான் வாசிப்பார். நவராத்திரிக்காக மூன்று வாரத்தில் அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது, அதுவும் வகுப்பு முடிந்த பிறகு. மரப்பு தொடங்கியதும் அந்த மூன்று வாரத்துக்குள்தான்.

பிறகு கருவி. மேளம் கட்டி ஆறேழு வருஷம் இருக்கும் என்றார். முதல் தந்தியான சாரணியில் மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டுகளில் சுரம் கரகரத்தது. அங்கே வரும்போதெல்லாம் மணிக்கட்டு இன்னும் உள்ளே மடிந்து அழுத்தியது. பேரன் கைப்பேசியில் பக்கவாட்டில் எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது ஆச்சிக்கே அது தெரிந்தது.

இப்போது கேள்விக்கு வரலாம். நாற்காலி முதுகுக்கு உதவும். கைக்கு உதவாது, புதுத் தாங்கியில் கட்டைவிரல் இறுகினால் கெடுதலும் செய்யும். ஆச்சிக்கு முழங்காலில் குறையில்லை. ஆகவே நாற்காலி வேண்டாம் என்றேன். முதுகுக்கு மணையும் ஜமுக்காளமும், குடத்துக்கு அடியில் பலகை. இந்த ஒன்றை மட்டும் முதல் வாரம். உட்காருவதையும் கைக்கான வழியையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கைக்கு வேறு வழி. மேளம் கட்ட ஆள் வரச் சொன்னோம். அதுவரை சுருதியை மூன்று கட்டையிலிருந்து இரண்டரைக்கு இறக்கினோம். அரைக் கட்டை இறங்கினால் அதே தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். நாள் முழுவதும் கமகம் இழுக்கும் விரலுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பாட வருகிற மருமகளுக்கு இரண்டரை கட்டை பிடிக்கவில்லை என்பது வேறு கதை. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை. வாசிப்பு பத்துப் பத்து நிமிடமாக, நடுவில் ஐந்து நிமிடம் கைக்கு ஓய்வு, மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. இரவு மரப்பு குறைந்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம், கூடினால் முந்தின அளவுக்கு இறங்க வேண்டும். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். ஆசிரியர்கள் அதைச் சேர்ப்பதே இல்லை. அதற்குப் பதில் வாயால் பாடிக் காட்டச் சொன்னேன்.

முதுகு சீக்கிரமே தணிந்தது. கை அப்படி இல்லை. நவராத்திரியில் ஒன்பது நாளும் வாசிக்க நினைத்தவர் மூன்று நாள் மட்டும், ஒவ்வொரு நாளும் இரண்டு கீர்த்தனை வாசித்தார். ராகம் தானம் வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. இரவு விழிப்பு நிற்கத் தீபாவளி ஆகிவிட்டது.

## நிலை மாற்றம் எதற்கும் உதவாத இடம்

மரப்பு பகலிலும் நிற்காமல் இருந்தால், கட்டைவிரல் அடிச்சதை வற்றினால், பிடித்த டம்ளர் நழுவினால், மணையையும் நாற்காலியையும் பற்றி யோசிக்காமல் நரம்பியல் மருத்துவரிடமோ கை அறுவை மருத்துவரிடமோ போக வேண்டும். நரம்புக் கடத்தல் பரிசோதனை அங்கேதான் நடக்கும்.

வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாக மடங்குவதும் உண்டு. தந்தியில் கை வைத்ததும் மோதிர விரல் உள்ளே சுருண்டுகொள்ளும், சோறு பிசையும்போது ஒழுங்காக இருக்கும். சாதகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வாசிப்பார்கள், இன்னும் சுருளும். இது தசைக் கோளாறு அல்ல. மூளை அந்த அசைவை வகுத்துவைத்திருக்கும் விதத்தில் வரும் கோளாறு, டிஸ்டோனியா என்பார்கள். வாத்தியக்காரர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு வரலாம் என்பது பொதுவான மதிப்பீடு. இதற்கும் நரம்பியல் மருத்துவர்தான். அவரிடம் போகும்போது வீணையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். வெறும் கையைப் பார்த்தால் அவருக்கு எதுவும் தெரியாது.